ஆஃபர் வேண்டாம் என்று கன்சல்டன்டிடம் எப்படிச் சொல்வது?

"ராணிப்பேட்டை சிப்காட்டில் குவாலிட்டி இன்ஜினியர் நான். கன்சல்டன்சி மூலம் ஒரகடத்தில் ஆஃபர் வந்தது, கையெழுத்தும் போட்டு அனுப்பிவிட்டேன். ரிசைன் செய்ததும் இங்கேயே அதே சம்பளம் தருகிறேன் என்கிறார்கள். இருந்துவிடப் போகிறேன். கன்சல்டன்டிடம் முகம் முறியாமல் எப்படிச் சொல்வது?"

முதலில், கையில் கடிதம் வரட்டும். மேனேஜர் வாயால் சொன்னதை நம்பி ஒரகடத்தை விட்டுவிடாதீர்கள். புதிய சம்பளம் எந்த மாதத்திலிருந்து என்ற விவரமும், உங்கள் ராஜினாமாவை ரத்து செய்துவிட்டார்கள் என்பதும் எழுத்தில் வேண்டும். "அதே சம்பளம்" என்பதில் ஒரு தடவை மட்டும் தரும் போனஸைச் சேர்த்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். மாதாமாதம் கைக்கு வருவதுதான் கணக்கு.

கடிதம் வந்த அன்றே கன்சல்டன்டை அழைத்துவிடுங்கள். நீங்கள் சேர்ந்தால்தான் அவருக்குப் பணம். பெரும்பாலும் உங்கள் ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம். அது போவது வருத்தம்தான். ஆனால் அவருக்குப் பெரிய அடி, கம்பெனியிடம் பேர் கெடுவது. சேரும் தேதிக்கு மூன்று வாரம் முன்பே தெரிந்தால், இரண்டாவதாகத் தேர்வானவரை அவர் கூப்பிட்டுப் பேசலாம். நான் ஆள் எடுக்கும் வேலையில் இருந்தபோது, சேர வேண்டிய நாள் காலையில் ஒருவர் போனை அணைத்துவிட்டார். அப்புறம் எந்த வேலைக்கும் அவர் பெயரை நாங்கள் அனுப்பவில்லை.

மெசேஜ் போடாமல் போனில் பேசுங்கள். இப்படிச் சொன்னால் போதும்: "சார், உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன். ரிசைன் செய்த பிறகு இங்கே சம்பளத்தை உயர்த்திக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். குடும்பமும் இங்கேயே இருப்பதால் இருந்துவிட முடிவு செய்துவிட்டேன். நீங்கள் எடுத்த சிரமம் தெரியும், மன்னிக்கணும்."

அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பது போன்ற பொய் வேண்டாம். ராணிப்பேட்டை, ஒரகடம் கம்பெனிகளில் ஹெச்ஆர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்களாக இருப்பார்கள். பழைய இடத்திலேயே நீங்கள் நீடிப்பது எப்படியும் தெரிந்துவிடும். புதிய சம்பளம் எவ்வளவு என்றும் சொல்லாதீர்கள். சொன்னால், "அதற்கு மேல் வாங்கித் தருகிறேன்" என்று பேரம் மறுபடி தொடங்கும். அப்படி அவரே கேட்டாலும், "தொகைக்காக யோசிக்கவில்லை சார், முடிவு எடுத்தாகிவிட்டது" என்று நிறுத்துங்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று இழுத்தால், அவர் கம்பெனியிடம் நம்பிக்கை கொடுத்துவிடுவார். உறவு கெடுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

கவுன்டர் ஆஃபரை ஏற்றவர்கள் ஆறு மாதத்தில் கிளம்பிவிடுவார்கள் என்று அவர் எச்சரிக்கலாம். அதற்கு வாதாடாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆஃபரில் கையெழுத்துப் போட்டிருப்பதால், பேசி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் ஒரகடம் ஹெச்ஆருக்கும் மூன்று வரி மெயில் போடுங்கள், கன்சல்டன்டுக்கும் நகல் வையுங்கள். உங்களைப் போலவே அனுபவமுள்ள நண்பர் யாராவது வேலை தேடிக்கொண்டிருந்தால், அவரிடம் கேட்டுவிட்டு அவர் நம்பரை அந்த போன் பேச்சிலேயே கொடுங்கள். அந்த இடத்தை நிரப்ப அன்றைக்கே கன்சல்டன்டுக்கு ஓர் ஆள் கிடைத்துவிடும்.