ஒரு சிட்டிகை உப்பும் ஜிடிபியும்

கேள்வி: பொருளாதார வளர்ச்சி, பொருளாதார முன்னேற்றம் ரெண்டும் ஒண்ணு தானே? ஜிடிபி ஏறினா மக்கள் வாழ்க்கையும் தானா மாறிடாதா?

போட்டித்தேர்வுக்குப் படிக்கிற பசங்களுக்கு நான் எகனாமிக்ஸ் எடுக்குறேன், அவங்க முதல்ல மனப்பாடம் பண்றதே இந்த ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்ததான். வளர்ச்சின்னா நாட்டுல உற்பத்தி எவ்வளவு கூடிச்சு, முன்னேற்றம்னா அதனால ஜனங்க எவ்வளவு நாள் உயிரோட இருக்காங்க, படிக்கிறாங்க, நோயில்லாம இருக்காங்க, அவ்வளவுதான். ஆனா ஏன் ஒண்ணு ஏறினா இன்னொண்ணு தானா ஏறலங்கறதுக்கு நான் எப்பவும் எடுக்குற உதாரணம் இந்தியாவும் பங்களாதேஷும்.

1990ல நம்ம தலைவீத வருமானம் அவங்கள விட சுமார் 60 சதவீதம் அதிகம். அடுத்த 20 வருஷம் நாம வேகமா வளர்ந்தோம், 2011 வாக்குல அவங்கள மாதிரி கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆயிட்டோம். ஆனா 1990ல அஞ்சு வயசுக்குள்ள இறக்குற குழந்தைங்க அங்கதான் அதிகம், ஏறக்குறைய கால்வாசி கூடுதல். 2009ல பாத்தா கணக்கு அப்படியே திரும்பிடுச்சு, கால்வாசி கூடுதல் இங்க. சராசரி ஆயுளும் அப்போ அவங்களுக்கு 69, நமக்கு 65. பணம் எங்க கூடிச்சோ அங்க குழந்தைங்க சாவு குறையறது பின்தங்கிப்போச்சு, இதப் படிச்சப்போ எனக்கு ரொம்ப வலிச்சுது.

எப்படி நடந்துச்சு? காரணம் பல இருக்கு, தடுப்பூசி, வீடு வீடா போன குடும்பநலப் பெண் பணியாளர்கள், கழிப்பறை, கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போன பொண்ணுங்க. நான் ஒண்ண மட்டும் விரிவா சொல்றேன், வயித்துப்போக்கு. குழந்தைய கொல்றது பெரும்பாலும் உடம்புல தண்ணியும் உப்பும் வத்திப்போறதுதான். உப்போட சர்க்கரையும் சேந்தா குடல் தண்ணிய இழுத்துக்கும், அதனால வாய்வழியா குடிச்சே காலராவக்கூட சமாளிக்கலாம்னு 1968ல டாக்கா காலரா ஆய்வுக்கூடத்துல நேலின், கேஷ்னு ரெண்டு அமெரிக்க டாக்டருங்க நிரூபிச்சாங்க. அத 1980ல பிராக்ங்கற பங்களாதேஷ் தொண்டு நிறுவனம் கிராமத்துக்கு எடுத்துட்டுப் போச்சு, பத்து வருஷத்துல ஒரு கோடிக்கும் மேல வீடுங்க. மூணு விரல்ல எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணி, அதாவது சுமார் அரை லிட்டர். அவ்வளவுதான் மருந்து.

ஆனா உப்பு கூடிப்போனா குழந்தைக்கு ஆபத்து, அதனால சொல்லிட்டு வந்துட்டா போதாது. சொல்லிக்குடுத்த பெண்ணுக்கு சம்பளமே எத்தன வீட்டுக்குப் போனாங்கறத வெச்சு இல்ல, சில வாரம் கழிச்சு வேற ஆள் போய் சில வீடுகள்ல அம்மாவ கரைச்சுக் காட்டச் சொல்லி, எவ்வளவு ஞாபகம் இருக்குன்னு கேட்டு அத வெச்சுதான் சம்பளம், கரைசலயும் லேப்ல சோதிச்சாங்க. அப்படியும் ஆரம்பத்துல அம்மாக்களுக்கு மனப்பாடமா தெரிஞ்சுது, ஆனா நோய் வந்தப்போ குடுக்கல. ஏன்னு தேடினா, சொல்லிக்குடுத்தவங்களுக்கே அதுல நம்பிக்கை இல்ல, வீட்டு ஆம்பளைங்ககிட்ட யாரும் பேசவே இல்ல. அதுக்கப்புறம்தான் மசூதி, சந்தைன்னு போய் ஆண்கள்கிட்டயும் விளக்கினாங்க.

இப்ப இத ஜிடிபி கணக்குல வெச்சுப் பாருங்க. குழந்தை வத்திப்போய் தனியார் ஆஸ்பத்திரில அட்மிட் ஆகி ரெண்டு பாட்டில் ட்ரிப்ஸ் ஏத்தி, ரூம் வாடகை, டாக்டர் ஃபீஸ், ஆட்டோ செலவுன்னு ஆனா அத்தனையும் உற்பத்தியா சேரும். வீட்டுலயே அம்மா வெல்லத்தக் கரைச்சுக் குடுத்துக் காப்பாத்தினா ஒரு வெல்லக்கட்டி விலையத் தவிர ஒண்ணும் சேராது. நல்லது நடந்த வீடு ஜிடிபில சின்னதாவும், கெட்டது நடந்த வீடு பெருசாவும் தெரியுது. ஜிடிபி தப்பான கணக்குன்னு நான் சொல்லல, விலை போட்டு நடக்குற உற்பத்திய அளக்கத்தான் அத உருவாக்கினாங்க, குழந்தை பொழைச்சுதாங்கறத அதுகிட்ட கேக்கவே கூடாது.

வளர்ச்சி வேண்டாம்னும் அர்த்தம் இல்ல. வரி வருமானம் கூடினாதான் அரசு நர்ஸ் போட முடியும், தடுப்பூசி வாங்க முடியும், ஆனா கூடின பணத்த அங்க திருப்பணும். நம்ம வேக வளர்ச்சி சாஃப்ட்வேர், ஃபைனான்ஸ் மாதிரி கொஞ்ச பேருக்கு வேலை குடுக்குற துறைகள்ல நிறைய வந்துச்சு, மருத்துவத்துக்கு அரசு செலவழிச்சது அந்தக் காலம் முழுக்க ஜிடிபில ஒரு சதவீதத்த ஒட்டியேதான். 2005-06 தேசிய குடும்பநல சர்வேல எல்லா தடுப்பூசியும் போட்ட குழந்தைங்க நூத்துக்கு 44 பேர்தான், வயித்துப்போக்கு வந்தவங்கள்ல ஓஆர்எஸ்ங்கற உப்பு சர்க்கரைக் கரைசல் கிடைச்சது நாலுல ஒரு குழந்தைக்கு. அதே காலத்துல பங்களாதேஷ்ல நாலுல மூணு.

அதனால ஒரு மாநிலமோ நாடோ 8 சதவீதம் வளர்ந்துச்சுன்னு நியூஸ் வந்தா நான் உடனே தேடிப் பாக்குறது இந்த ரெண்டு நம்பரத்தான், தடுப்பூசியும் ஓஆர்எஸ்ஸும்.