காலையில் மட்டும் குவியும் ஏஹெச்யூ அலாரம்

"தினமும் காலை, கட்டிடத்துக்குக் குளிர்காற்று அனுப்பும் ஏஹெச்யூ ஓடத் தொடங்கியதும் சப்ளை காற்று வெப்பநிலை அலாரம் குவிகிறது. எல்லாமே உயர் முன்னுரிமை, மேனேஜருக்கும் எஸ்எம்எஸ் போகிறது. முன்னுரிமையைக் குறைக்கலாமா?"

அது மட்டும் போதாது, அலாரம் வந்துகொண்டேதான் இருக்கும். ஃபேன் ஓடத் தொடங்கி 20 நிமிடம் வரை அதைத் தடுத்து வையுங்கள். இரவு முழுக்க நின்ற டக்டில் காற்று சூடாகத்தான் இருக்கும்.

ஒரு வார அலாரம் பதிவில் நேரத்தைப் பாருங்கள். பகலிலும் வந்து வந்து போனால், அலாரம் எழும் அளவுக்கும் அணையும் அளவுக்கும் உள்ள இடைவெளியான டெட்பேண்ட் போதவில்லை. 18 டிகிரியில் எழும் அலாரம் 17க்கு இறங்கிய பிறகே அணையட்டும்.

அப்புறம் நடுத்தர முன்னுரிமைக்கு மாற்றுங்கள். ஷிப்ட் டெக்னீஷியன் 30 நிமிடத்தில் ஏற்காவிட்டால் மட்டும் மேனேஜருக்குப் போகட்டும்.

சர்வர் அறை, தீ அலாரங்களுக்கு இந்த அமைப்பைப் போடவே வேண்டாம்.