திடீர்னு ஓடுது, திடீர்னு நிக்குது: எஸ்.வி.டி படபடப்பு பத்தி வந்த கேள்விகள்

இந்த தடவ நெஞ்சு படபடப்பு பத்தியே நிறைய பேரு கேட்டிருக்கீங்க. அதுலயும் இதயத்தோட மேல்பக்கத்துல இருந்து கிளம்பி வேகமா ஓடுத எஸ்.வி.டி-ங்கிற ஒரு வகைதான் பெரும்பாலான கேள்விகள்ல இருக்கு, அதனால எல்லாத்தையும் சேத்து ஒரே இடத்துல சொல்லிருதேன். முதல் கேள்வி கேட்ட அக்காவ பின்னாடி நேர்லயும் பாத்து வைத்தியம் பண்ணுனோம், அவங்க சரின்னு சொன்னதால அந்தக் கதையயும் எழுதுதேன்.

முக்கூடல் பக்கத்துல இருந்து ஒரு அக்கா: எனக்கு 41 வயசு, பீடி சுத்துதேன். சொளவ மடியில வச்சு குனிஞ்சு உக்காந்திருக்கும்போது சட்டுனு நெஞ்சு ஓட ஆரம்பிச்சிருது, கழுத்துலயும் திக்கு திக்குன்னு அடிக்குது. அரைமணி நேரத்துல தானா நின்னுருது. ரெண்டு இடத்துல ஈ.சி.ஜி எடுத்து நார்மல்னு சொல்லிட்டாங்க, பயத்துக்குன்னு மாத்திர தந்தாங்க. இது பயம்தானா?

அக்கா, நீங்க எழுதுனதுல எனக்கு முக்கியமா பட்டது "சட்டுனு"ங்கிற அந்த ஒரு வார்த்ததான். பயத்துல வர்ற படபடப்பு கொஞ்சம் கொஞ்சமா ஏறும், கொஞ்சம் கொஞ்சமா இறங்கும். எஸ்.வி.டி அப்படி இல்ல, சுவிட்ச் போட்ட மாதிரி ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவுல ஆரம்பிச்சிரும், அதே மாதிரி டக்குனு நிக்கும். நாடிய எண்ணுனா பெரும்பாலும் நிமிஷத்துக்கு 150-க்கு மேல, 220 வரைக்கும் கூட இருக்கும், ஆனா தாளம் தப்பாம ஒரே சீரா ஓடும். நின்ன பிறகு ஒண்ணுக்கு நிறைய போகுதான்னு திருப்பி கேட்டேன், ஆமா ரெண்டு மூணு தடவ போகுதேன்னு சொன்னாங்க. அதுவும் இதோட சேந்ததுதான், இதயத்தோட மேலறை விரிஞ்சு அழுத்தம் கூடும்போது சிறுநீர வெளியேத்தச் சொல்லுத ஹார்மோன் ஒண்ணு சுரக்கும்.

உள்ளுக்க நடக்கது என்னன்னா, மேலறைக்கும் கீழறைக்கும் நடுவுல ஏ.வி. கணுன்னு ஒண்ணு இருக்கு, மேல இருந்து வர்ற மின்சாரம் அது வழியாத்தான் கீழ இறங்கணும். சில பேருக்கு அந்தக் கணுவுக்கு பக்கத்துல ரெண்டு பாத இருக்கும். ஒண்ணு வேகமான பாத, ஆனா ஒரு தடவ மின்சாரம் போயிட்டா மறுபடி தயாராக அதுக்கு நேரம் எடுக்கும். இன்னொண்ணு மெதுவான பாத, அது சீக்கிரமே தயாராயிரும். அகாலமா ஒரு துடிப்பு வந்தா வேகப்பாத இன்னும் தயாரா இருக்காது, அதனால மின்சாரம் மெதுவான பாதையில இறங்கும், கீழ போய் சேர்றதுக்குள்ள வேகப்பாத தயாராயிருக்கும், அது வழியா திரும்ப மேல ஏறிரும், மறுபடி மெதுவான பாதையில இறங்கும். வண்ணாரப்பேட்டை ரவுண்டானாவுல எந்த ரோட்டுக்கும் பிரியாம ஒரே வண்டி சுத்திக்கிட்டே கெடந்தா எப்படி இருக்கும், அதுதான். இந்த வகைக்கு பேரு ஏ.வி.என்.ஆர்.டி, எஸ்.வி.டி-லயே அதிகமா வர்றது இதுதான், ஆம்பளைங்கள விட பொம்பளைங்களுக்கு கூடுதலா வரும். குனியும்போது ஆரம்பிக்குதுன்னு சொல்லுதவங்க நிறைய பேரு உண்டு. இதுல மேலறையும் கீழறையும் கிட்டத்தட்ட ஒரே நேரத்துல சுருங்குது, மேலறை சுருங்கும்போது கீழ உள்ள வால்வு மூடியிருக்கதால ரத்தம் கழுத்து நரம்புக்குத்தான் திரும்ப ஏறும், கழுத்துல அடிக்கது அதுதான்.

ஈ.சி.ஜி நார்மல்னு வந்ததுல ஆச்சரியமே இல்ல, நின்ன பிறகு எடுத்தா நார்மலாத்தான் இருக்கும். ஓடும்போதே எடுக்கணும். அதனால அடுத்த தடவ ஆரம்பிச்ச உடனே பக்கத்துல எந்த ஆஸ்பத்திரி இருந்தாலும் போங்க, "இப்பவே ஈ.சி.ஜி எடுங்க, மருந்து பிறகு போடுங்க"ன்னு கேளுங்க, அந்தத் தாள போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கோங்கன்னு சொன்னேன். அதே மாதிரி செஞ்சாங்க. தாள்ல துடிப்பு 184, கீழறை அலை ஒல்லியா சீரா இருந்துச்சு, மேலறையோட பி அலை தனியா தெரியவே இல்ல, கீழறை அலைக்குள்ளயே ஒளிஞ்சிருந்துச்சு. பல வருஷமா பயம்னு சொன்னதுக்கு அந்த ஒரு தாள் பதில் சொல்லிருச்சு.

அம்பாசமுத்திரம், ஒரு தம்பி: மூச்சப் பிடிச்சு முக்குனா நிக்கும்னு சொல்லுதாங்க. நான் முக்கிப் பாத்தேன், நிக்கல. கண்ண அமுக்கச் சொல்லியும் ஒருத்தர் சொன்னாரு, செய்யலாமா?

கண்ண மட்டும் அமுக்காதீங்க தம்பி, பார்வைக்கே ஆபத்து. கழுத்து ரத்தக்குழாயத் தேய்க்கதும் வீட்டுல செய்யுத வேல இல்ல, அங்கன அடைப்பு இருந்தா பக்கவாதம் வரலாம், டாக்டர் ஸ்டெதஸ்கோப் வச்சு கேட்டுப் பாத்துட்டு செய்வாரு.

முக்குதது சரியான வழிதான், ஆனா செய்யுத விதம் இருக்கு. இதயத்துடிப்ப மெதுவாக்குத வேகஸ் நரம்ப தூண்டுனா ஏ.வி. கணு கொஞ்ச நேரம் மந்தமாகும், சுத்துத மின்சாரம் அங்க அறுந்துரும். சும்மா உக்காந்து முக்குனா பாதிப் பேருக்கு கூட நிக்காது. 2015-ல இங்கிலாந்துல செஞ்ச ஒரு ஆய்வுல பழைய முறையில 17 சதவீதம் பேருக்குத்தான் நின்னுச்சு, முக்கி முடிச்ச உடனே படுக்க வச்சு காலத் தூக்குனப்போ 43 சதவீதம் பேருக்கு நின்னுச்சு.

செய்முறை இதான். கட்டில்ல தலகாணிய அடுக்கி பாதி சாஞ்ச மாதிரி உக்காருங்க. ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்ச வாயில வச்சு உள்ள உள்ள பிஸ்டன் லேசா நகர்ற அளவுக்கு 15 செகண்ட் விடாம ஊதுங்க. ஊதி முடிச்ச அந்த நொடியே தலகாணிய எடுத்துட்டு மல்லாக்க படுங்க, பக்கத்துல உள்ளவங்க ரெண்டு காலயும் 45 டிகிரிக்கு தூக்கி 15 செகண்ட் பிடிக்கணும். பிறகு பழைய மாதிரி சாஞ்சு உக்காந்து முக்கால் நிமிஷம் பாருங்க. நீங்க கால நீங்களே தூக்குனா பிரயோஜனம் இல்ல, உடம்ப இறுக்காம இருக்கணும், அதனால வீட்டுல ஒரு ஆளுக்கு முன்னாடியே சொல்லிக் குடுத்து வையுங்க. பெரும்பாலும் தப்பு நடக்கது ரெண்டு இடத்துல, பத்து செகண்ட்லயே மூச்ச விட்டுருதாங்க, இல்லன்னா ஊதி முடிச்சு ஆறஅமர படுக்காங்க.

ரெண்டு மூணு தடவ செஞ்சும் நிக்கலன்னா ஆஸ்பத்திரிக்கு போயிரணும், வண்டிய நீங்க ஓட்டாதீங்க. மயக்கம், நெஞ்சு வலி, மூச்சுத்திணறல் இருந்தா இதெல்லாம் முயற்சி பண்ணாம நேரா 108-தான். சமீபத்துல ஹார்ட் அட்டாக் வந்தவங்க, கண் ஆபரேஷன் பண்ணுனவங்க, வால்வு சுருக்கம் உள்ளவங்க டாக்டர்ட்ட கேக்காம முக்கக்கூடாது.

சங்கரன்கோவில்: கேஷுவாலிட்டில ஒரு ஊசி போட்டாங்க, செத்தே போயிருவேன்னு தோணிருச்சு. மறுபடி அத போட விடலாமா?

அது அடினோசின். ஏ.வி. கணுவ சில நொடி முழுசா நிறுத்தி வைக்கும், அந்த நேரத்துல நெஞ்ச இறுக்குன மாதிரி, உசுரு போற மாதிரி ஒரு உணர்வு வரும். பயங்கரமா இருக்கும், எனக்குத் தெரியும், ஆனா மருந்து ரத்தத்துல சில நொடிதான் தங்கும், அரை நிமிஷத்துக்குள்ள அந்த உணர்வும் போயிரும். போடுததுக்கு முன்னாடி நோயாளிட்ட இத சொல்லணும், சொல்லாம போடுதது சரியில்லங்கிறது என் அபிப்பிராயம். முழங்கைப் பக்கம் பெரிய நரம்புல 6 மில்லிகிராம் வேகமா ஏத்தி, உடனே சலைன் தள்ளணும், நிக்கலன்னா 12. புறங்கையில சின்ன நரம்புல மெதுவா போட்டா இதயத்துக்கு போறதுக்குள்ளயே மருந்து செத்துரும், வேல செய்யாது. ஆஸ்துமா இருந்தா கட்டாயம் முன்னாடியே சொல்லிருங்க, அப்போ வேற மருந்து போடுவாங்க.

பாளையங்கோட்டை, ஒரு அம்மா: அபலேஷன்னா இதயத்த சுடுததுன்னு சொல்லுதாங்க, நெஞ்சத் திறப்பாங்களா? பேஸ்மேக்கர் வைக்க வேண்டி வருமா?

நெஞ்சத் திறக்க மாட்டாங்க. முக்கூடல் அக்காவுக்கு நடந்ததையே சொல்லுதேன். மாசத்துக்கு ரெண்டு தடவ வர ஆரம்பிச்சதும், தினமும் மாத்திர போடுததா அபலேஷனான்னு உக்காந்து பேசுனோம். மாத்திர போடுத வரைக்கும்தான் அடக்கும், பாத அப்படியேதான் இருக்கும், அவங்க அபலேஷன்னு முடிவு பண்ணுனாங்க. பீட்டா பிளாக்கர் மாத்திரய சில நாள் முன்னாடி நிறுத்திட்டோம், இல்லன்னா லேப்ல படபடப்பே வராது, வராட்டா எங்க சுடணும்னு உறுதியா தெரியாது.

வலது தொடை இடுக்குல மரத்துப்போக ஊசி போட்டு, அங்க உள்ள நரம்பு வழியா ஒல்லியான வயர்கள இதயத்துக்குள்ள கொண்டு போனாங்க. அக்கா முழிச்சுத்தான் இருந்தாங்க. வயர் வழியா அகாலத் துடிப்பு குடுத்துப் பாத்தா, ஒரு கட்டத்துல மின்சாரம் கீழ போற நேரம் டக்குனு கூடிருச்சு, அதாவது வேகப்பாதய விட்டு மெதுவான பாதைக்கு தாவிருச்சு, அடுத்த நொடியே அதே படபடப்பு. "இதுதான் சார், இதேதான்"ன்னு படுத்துக்கிட்டே சொன்னாங்க.

துடிப்ப நிறுத்திட்டு, மெதுவான பாத இருக்க இடத்துல, அதாவது வலது மேலறையோட கீழ்ப்பக்கத்துல வயர் நுனிய வச்சு ரேடியோ அலையால 50, 60 டிகிரி அளவுக்கு சூடு பண்ணுவாங்க. சரியான இடம்னா கணுவுக்கு பக்கத்துல இருந்து சில துடிப்புகள் தானா கிளம்பும், அதுதான் அடையாளம். அந்தத் துடிப்பு மேல திரும்புததுல தடங்கல் தெரிஞ்சா அந்த நொடியே சூட்ட நிறுத்தணும், ஏன்னா நல்ல பாத பக்கத்துலதான் இருக்கு. நீங்க கேட்ட பேஸ்மேக்கர் பயம் இந்த இடத்துலதான், நல்ல பாதயும் சுட்டுப் போச்சுன்னா பேஸ்மேக்கர் வேணும். அது நூத்துல ஒருத்தருக்கும் குறைவு, ஆனா இல்லவே இல்லன்னு சொல்லுத டாக்டர நம்பாதீங்க. சுட்டு முடிச்சு அரைமணி காத்திருந்து மருந்து குடுத்தும் தூண்டிப் பாத்தாங்க, வரல.

அன்னைக்கு கால நீட்டி நாலஞ்சு மணி நேரம் அசையாம படுத்திருந்தாங்க, மறுநாள் வீட்டுக்கு. ஒரு வாரம் தண்ணிக்கொடம் மாதிரி பாரம் தூக்க வேண்டாம்னு சொன்னோம். இந்த வகையில நூத்துக்கு 95-க்கு மேல முதல் தடவயே குணமாகும், கொஞ்சம் பேருக்கு திரும்ப வரும், வந்தா மறுபடி செய்யலாம். இன்னொண்ணு, ஆஞ்சியோ பண்ணுத எல்லா இடத்துலயும் இதுக்கான, இதயத்தோட மின்சாரத்த சோதிக்குத இ.பி. லேப் இருக்காது, அந்த லேப்பும் அதுல தேர்ந்த டாக்டரும் இருக்காங்களான்னு கேட்டுட்டுப் போங்க, காப்பீட்டு அட்டை செல்லுமான்னும் முன்னாடியே விசாரிச்சிருங்க.

கடையநல்லூர்: 16 வயசு மகன், கபடி ஆடுவான். படபடப்பு இல்லாதப்போ எடுத்த ஈ.சி.ஜி-லயே ஏதோ டெல்டா அலை இருக்குன்னு எழுதியிருக்காங்க.

இத தள்ளிப் போடாதீங்க. இது வேற வகை, மேலறைக்கும் கீழறைக்கும் நடுவுல பிறவியிலயே ஒரு கூடுதல் நார் இருக்குன்னு அர்த்தம். மேலறை தாறுமாறா துடிச்சா அந்த நார் வழியா கட்டுப்பாடு இல்லாம கீழ இறங்கும், அது உசுருக்கே ஆபத்து. அப்படி தாறுமாறா ஓடும்போது வெராபமில், டிஜாக்சின் மாதிரி மருந்து குடுத்தா நிலைமை மோசமாகும், அதனால அந்த ஈ.சி.ஜி தாள அவன்கூடவே வச்சிருங்க. டாக்டர் பாத்து சொல்லுத வரைக்கும் ஆட்டம் வேண்டாம். இதுக்கும் அபலேஷன் உண்டு.

மேலப்பாளையம்: அபலேஷன் பண்ணி மூணு வாரம் ஆச்சு, இப்பவும் சில நேரம் "இதோ வரப்போகுது"ன்னு ஒரு துள்ளல் வருது, ஆனா ஓடல. தோத்துப் போச்சா?

இல்ல. ஆரம்பிச்சு வைக்குத அந்த அகாலத் துடிப்பு இன்னும் வரத்தான் செய்யும், அத யாரும் எடுக்கல, எடுத்தது சுத்துத பாதய மட்டும்தான். சுத்த வழி இல்லாததால ஒரு துள்ளலோட நின்னுருது. சில வாரத்துல குறையும். பழைய மாதிரி சட்டுனு ஆரம்பிச்சு சீரா ஓடுனா மட்டும் ஈ.சி.ஜி எடுத்துட்டு வாங்க. தொடையில கட்டி மாதிரி வீக்கமோ ரத்தக்கசிவோ இருந்தா அதுக்கு காத்திருக்காம அன்னைக்கே வாங்க.