கோடு படுத்துக் கிடக்கிறது, குழுவோ ஓடிக்கொண்டிருக்கிறது: பர்ன்டவுன் சார்ட்டில் ஸ்கோப் க்ரீப்பைக் கண்டுபிடிப்பது

கேள்வி: எங்கள் இரண்டு வார ஸ்பிரிண்ட்டில் இன்று ஆறாவது வேலை நாள் முடிந்திருக்கிறது. 40 பாயிண்ட் அளவு வேலையோடு தொடங்கினோம், இப்போது மீதி 25. மீதி வேலையை நாள்வாரியாகக் காட்டும் பர்ன்டவுன் சார்ட்டில், மூன்றாம் நாள் வரை சீராக இறங்கிய கோடு அதற்குப் பிறகு ஏறக்குறைய படுக்கையாகவே போகிறது. குழு மெதுவாகிவிட்டது என்கிறார் மேலாளர். எல்லோரும் தினமும் ஏதாவது முடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். யார் சொல்வது சரி? சார்ட்டையும் அதன் கீழுள்ள அட்டவணையையும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: உங்கள் குழு மெதுவாகவில்லை, சொல்லப்போனால் திட்டத்தைவிடச் சற்று முன்னால்தான் இருக்கிறது. சார்ட் பொய் சொல்லவில்லை என்பதும் உண்மையே. அந்த ஒற்றைக் கோடு இரண்டு வெவ்வேறு நிகழ்வுகளைக் கூட்டிக் கழித்து, விடையை மட்டும் காட்டுகிறது என்பதுதான் இங்கே சிக்கல். ஒவ்வொரு நாளின் புள்ளியும் இப்படித்தான் உருவாகிறது:

```
இன்றைய மீதி = நேற்றைய மீதி − முடிந்தது + சேர்ந்தது − நீக்கப்பட்டது
```

ஐந்து பாயிண்ட் முடிந்து அதே நாளில் ஐந்து பாயிண்ட் சேர்ந்தாலும், யாரும் எதையும் முடிக்காமல் இருந்தாலும், கோடு ஒரே மாதிரிதான் படுத்திருக்கும். ஆகவே கோடு இறங்காதபோது முதலில் செய்ய வேண்டியது, அந்த விடையை மறுபடியும் அதன் பகுதிகளாகப் பிரிப்பது.

நீங்கள் அனுப்பிய அட்டவணையிலிருந்தே அதைச் செய்து பார்ப்போம். மூன்றாம் நாள் இறுதியில் மீதி 28. பத்து நாளில் 40 பாயிண்ட் என்றால் நாளுக்கு 4 வீதம் இறங்க வேண்டும், ஆகவே அதுவரை கோடு, அந்தச் சீரான வேகத்தைக் காட்டும் வழிகாட்டிக் கோட்டோடு ஒட்டியே இருந்தது. நான்காம் நாள் 5 முடிந்தது, 5 சேர்ந்தது, மீதி 28. ஐந்தாம் நாள் 4 முடிந்தது, 3 சேர்ந்தது, மீதி 27. ஆறாம் நாள் 5 முடிந்தது, 3 சேர்ந்தது; மீதி 25. ஆக ஆறு நாளில் முடிந்தது மொத்தம் 26, சேர்ந்தது 11. வழிகாட்டிக் கோடு இந்நேரம் 16-இல் இருக்க வேண்டும் என்பதால் மேலாளர் கண்ணுக்கு 9 பாயிண்ட் பின்னடைவு தெரிகிறது. ஆனால் ஆறு நாளில் முடிய வேண்டியது 24, முடிந்தது 26. குழு 2 பாயிண்ட் முன்னால் போயிருக்க, 11 பாயிண்ட் உள்ளே வந்திருக்கிறது. அந்த இரண்டின் வித்தியாசமே அந்த 9. இந்தக் கணக்கை அப்படியே மேலாளரிடம் காட்டுங்கள். "நாங்கள் கடுமையாக உழைக்கிறோம்" என்று சொல்வதைவிட இது நன்றாகப் புரியும்.

ஜிராவில் இதற்கான தடயம் எளிதாகக் கிடைக்கும். Burndown Chart-இன் கீழே வரும் பட்டியலில் Scope change என்று குறிக்கப்பட்ட வரிகளை மட்டும் தனியாகக் கூட்டுங்கள். Sprint Report-இல், ஸ்பிரிண்ட் தொடங்கிய பிறகு சேர்க்கப்பட்டவற்றின் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். வழிகாட்டிக் கோடு தொடக்கத்தில் இருந்த அளவுக்குத்தான் வரையப்பட்டிருக்கிறது. பிறகு சேர்ந்ததற்காக அது மேலே ஏறுவதில்லை. இரண்டு கோடுகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அப்படியே "தாமதம்" என்று படிப்பது தவறாகப் போவது இதனால்தான். எதிர்த்திசையிலும் கவனம் தேவை: ஒரே நாளில் கோடு செங்குத்தாக விழுந்தால், வேலை முடிந்ததா அல்லது ஒரு ஸ்டோரியை ஸ்பிரிண்ட்டிலிருந்து வெளியே எடுத்தார்களா என்று பார்த்த பிறகுதான் மகிழ வேண்டும்.

தொடங்கிய பிறகு வேலை கொஞ்சம் கொஞ்சமாகப் பெருகுவதைத்தான் ஸ்கோப் க்ரீப் என்கிறோம். இதுவரை சொன்னது அதில் பதிவில் விழும் வகை. எனக்கு அதிகக் கவலை தருவது பதிவில் விழாத வகைதான். நான் பணியாற்றிய ஒரு குழுவில் கடவுச்சொல்லை மீட்டமைக்கும் ஸ்டோரி ஒன்று இருந்தது. 3 பாயிண்ட், மின்னஞ்சலில் ஒரு இணைப்பு போனால் போதும் என்பதே திட்டமிடலில் பேசியது. ஸ்பிரிண்ட்டின் நடுவில் அந்த ஸ்டோரியின் கீழே "அப்படியே குறுஞ்செய்தியிலும் ஓடிபி அனுப்பிவிடலாமே" என்று ஒரு வரிக் கருத்து வந்தது. எழுதியவர் அதை ஒரு சின்ன வேண்டுகோளாகவே நினைத்தார், எடுத்துச் செய்தவரும் மறுக்கவில்லை. ஆனால் அதற்குக் குறுஞ்செய்திச் சேவையை இணைக்க வேண்டும், ஓடிபி காலாவதியாகும் நேரத்தை முடிவு செய்ய வேண்டும், தவறான எண்ணைத் திரும்பத் திரும்ப இட்டால் தடுக்க வேண்டும், எல்லாவற்றையும் சோதிக்கவும் வேண்டும். பாயிண்ட் 3 ஆகவே இருந்தது. Scope change வரி ஒன்றுகூட இல்லை. அந்த ஸ்டோரி நான்கு நாள் In Progress-இலேயே கிடந்தது. சார்ட்டை மட்டும் பார்த்தவர்களுக்கு அந்த டெவலப்பர் தடுமாறுவதாகத்தான் தெரிந்தது, அது அவருக்குச் செய்த அநியாயம்.

இந்த வகையைக் கண்டுபிடிக்க ஸ்டோரியையே திறந்து பார்க்க வேண்டும். மதிப்பீட்டுக்குத் தகாத அளவு நாள் ஒரே இடத்தில் நிற்கும் ஸ்டோரியை எடுத்து, அதன் மாற்ற வரலாற்றில் ஸ்பிரிண்ட் தொடங்கிய தேதிக்குப் பிறகு விவரிப்போ ஏற்பு நிபந்தனைகளோ மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள், கருத்துகளையும் படியுங்கள். எதுவுமே மாறவில்லை என்றால் அது ஸ்கோப் க்ரீப் அல்ல. ஸ்டோரியே தொடக்கத்தில் மிகப் பெரிதாக அமைக்கப்பட்டிருக்கலாம், அல்லது ரிவ்யூவில் யாருக்காகவோ காத்திருக்கலாம். பாயிண்ட் முழுவதும் Done ஆன பிறகுதான் கழியும் என்பதால், பாதி முடிந்த வேலை சார்ட்டில் தெரியவே தெரியாது.

சேர்ந்ததெல்லாம் தவறு என்றும் கொள்ள வேண்டாம். வேலையில் இறங்கிய பிறகு கற்றுக்கொண்டதற்கேற்ப ஸ்கோப்பைத் தெளிவுபடுத்தவும், புராடக்ட் ஓனருடன் பேசி மாற்றிக்கொள்ளவும் 2020-ஆம் ஆண்டின் ஸ்க்ரம் கைடு இடம் தருகிறது; ஸ்பிரிண்ட் இலக்குக்கு ஆபத்தான மாற்றம் கூடாது என்பதே அதன் வரம்பு. ஆகவே உங்களிடம் சேர்ந்த 11 பாயிண்ட்டில் ஒவ்வொன்றையும் எடுத்து, இது இல்லாமல் இலக்கு நிறைவேறாதா, யாருடைய ஒப்புதலுடன் உள்ளே வந்தது என்ற இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இரண்டுக்கும் பதில் இல்லாதவையே க்ரீப்.

அடுத்து, இருக்கும் நான்கு நாள். ஆறு நாளில் 26 என்றால் நாளுக்கு ஏறத்தாழ 4.3, நான்கு நாளில் 17 முடியும். மீதி 25 என்பதால் 8 பாயிண்ட் அளவுக்கு வேலை முடியாமல் மிஞ்சும். எதுவும் சேராமல் இருந்திருந்தால் மீதி 14-தான், அது தாராளமாக முடிந்திருக்கும். நாளைய டெய்லி ஸ்க்ரம் முடிந்ததும் புராடக்ட் ஓனரை உட்கார வைத்து, இலக்குடன் சம்பந்தமில்லாத எந்த 8 பாயிண்ட்டை பேக்லாகுக்குத் திருப்பி அனுப்பலாம் என்று கேளுங்கள். இன்னும் தொடப்படாத ஸ்டோரிகளிலிருந்தே தொடங்குங்கள். பாதி செய்ததை வெளியே எடுத்தால் அதில் போட்ட உழைப்பும் சேர்ந்து போகும். படம் அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத் தொடக்க எண்ணை 51 என்று மாற்றிக் கோட்டைப் புதிதாக வரையச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். அந்த 11 எப்போது வந்தது என்ற தடயம் அதோடு அழிந்துவிடும்.