கழுத்துக் கறுப்பு அழுக்கு இல்லை

கேள்வி: எனக்கு 27 வயது, 28 வாரக் கர்ப்பம். உயரம் 158 செ.மீ. எடை 54 கிலோவிலிருந்து 62 ஆகிவிட்டது. கழுத்தும் அக்குளும் கறுத்துவிட்டன. "நல்லா தேய்ச்சுக் குளிக்க மாட்டியா?" என்று என் நாத்தனார் எல்லார் முன்னாலும் கேட்டார். மாமியார் "முகம் ஊதிப்போச்சு" என்கிறார். கண்ணாடி பார்க்கவே பிடிக்கவில்லை. இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டேன். அடுத்த மாதம் வளைகாப்பு. என்ன செய்ய?

பதில்: முதலில் தேய்ப்பதை நிறுத்துங்கள். இதே பேச்சைக் கேட்டுவிட்டு, பீர்க்கங்காய் நாரால் தினம் இரண்டு வேளை கழுத்தைத் தேய்த்த ஒரு பெண் என்னிடம் வந்தார். தோல் சிவந்து, எரிந்து, மூன்று வாரத்தில் முன்பைவிடக் கறுத்திருந்தது. நம் தோலுக்கு அதுதான் இயல்பு. உராய்ந்த இடம் நிறமி கூட்டிக்கொள்ளும்.

கர்ப்பத்தில் ஹார்மோன்கள் ஏறும்போது மெலனின் சுரப்பும் கூடுகிறது. அதனால்தான் கழுத்து, அக்குள், மார்புக் காம்பு, தொப்புளுக்குக் கீழே ஓடும் கோடு எல்லாம் கறுக்கின்றன. கன்னத்தில் மங்கு வருகிறது. பிரசவத்துக்குப் பிறகு சில மாதங்களில் பெரும்பாலும் மங்கிவிடும். சிலருக்கு லேசாகத் தங்குவதும் உண்டு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கறுத்த தோலைத் தடவும்போது வெல்வெட் துணி போலத் தடிப்பாக, வரிவரியாக இருக்கிறதா? கர்ப்பத்துக்கு முன்பே அப்படி இருந்ததா? அப்படியானால் அது இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம். குளுக்கோஸ் குடித்துவிட்டு எடுக்கும் சர்க்கரைப் பரிசோதனைக்கு உங்கள் வாரம்தான் சரியான நேரம். இன்னும் எடுக்கவில்லை என்றால் இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.

கடையில் கேட்டு வாங்கும் சிவப்பழகு க்ரீம் எதுவும் வேண்டாம். சிலவற்றில் ஸ்டீராய்டும் பாதரசமும் இருக்கின்றன. ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் என்று உறையில் போட்டிருந்தாலும் இப்போது தொடாதீர்கள். வெயிலில் போனால் முகத்துக்கு ஜிங்க் ஆக்ஸைடு உள்ள சன்ஸ்க்ரீன் போதும்.

சரி, அந்த 8 கிலோவுக்கு வருவோம். குழந்தை ஒரு கிலோவுக்குச் சற்று மேலே. நஞ்சுக்கொடி, பனிக்குட நீர், பெரிதான கருப்பை சேர்ந்து ஏறக்குறைய ஒன்றே முக்கால். கூடியிருக்கும் ரத்தமும் நீரும் ஒன்றரை. மிச்சம் மார்பகமும், பால் கொடுக்கும் காலத்துக்கு உடம்பு சேர்த்துவைக்கும் கொழுப்பும். உங்கள் உயரத்துக்கும் பழைய எடைக்கும், பிரசவம் வரை 11.5 முதல் 16 கிலோ கூடலாம். நீங்கள் சரியான இடத்தில்தான் இருக்கிறீர்கள். கர்ப்பிணி இரவு வெறும் வயிற்றோடு படுத்தால் சர்க்கரை சீக்கிரம் இறங்கி, உடம்பு கொழுப்பை எரித்துக் கீட்டோனை ஏற்றிவிடும். இன்றைக்கே இரண்டு இட்லி, ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால் என்றாவது ஆரம்பியுங்கள்.

'முகம் ஊதிப்போச்சு' என்பதை மட்டும் நான் காதில் வாங்கிக்கொள்வேன். முகமும் கையும் திடீரென்று வீங்கினால், கூடவே தலைவலியோ கண் மங்கலோ இருந்தால், அன்றே ரத்த அழுத்தம் பாருங்கள். மெல்ல மெல்ல வந்த உப்பல் என்றால் பயம் வேண்டாம். அடுத்த செக்கப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

நாத்தனாருக்கு நீங்கள் பதில் தேட வேண்டாம். அது உங்கள் கணவரின் வேலை. அவர் தன் அக்காவிடமோ தங்கையிடமோ தனியாக, "டாக்டர் இது ஹார்மோன்னு சொல்லிட்டாங்க. அவ சாப்பாட்டையே விட்டுட்டா. இனி இதைப் பத்திப் பேச வேண்டாம்" என்று சொன்னால் போதும். கூட்டத்தில் யாராவது ஆரம்பித்தால், "ஆமா, மாசமா இருக்கும்போது இப்படித்தான் ஆகும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுங்கள். விளக்கம் சொல்ல உட்கார்ந்தால் பேச்சு நீளும்.

கண்ணாடி பார்க்கப் பிடிக்கவில்லை என்றீர்களே, அதற்கும் ஒரு வழி உண்டு. குளித்துவிட்டு வந்ததும் தேங்காய் எண்ணெயை வயிற்றில் மெதுவாகத் தடவுங்கள். வரிகளை எண்ணெய் அழிக்காது, அரிப்புக் குறையும். அதைவிட, குழந்தை எந்தப் பக்கம் உதைக்கிறது என்று உங்கள் கையே தேட ஆரம்பிக்கும். இரண்டு நிமிடம் போதும், கண்ணாடி இல்லாமலேயே. இந்தப் பழக்கத்தில்தான் பலர் தங்கள் உடம்போடு மறுபடி ராசியானதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் மனம் ஒட்டாமல், தூக்கமும் இல்லாமல், அழுகையாகவே இருந்தால் செக்கப்பில் வாய்விட்டுச் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணிலும் தமிழில் பேசலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் தலைகாட்டினால் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள், அன்றே யாரிடமாவது சொல்லுங்கள்.

அப்புறம், வளைகாப்பு ரவிக்கை. பழைய அளவைக் கொடுத்துவிட்டு அன்று காலையில் அழுதவர்கள் நிறையப் பேர். விழாவுக்குப் பத்து நாள் முன்பு புதிதாக அளவெடுத்து, பக்கத்தையலில் இரண்டு இஞ்ச் துணி உள்ளே விடச் சொல்லுங்கள். கழுத்தை மறைக்கிற உயர்ந்த கழுத்து வேண்டாம். வியர்வையும் உராய்வும் சேர்ந்து அந்த இடத்தை இன்னும் கறுக்க வைக்கும்.