படத்தை வைத்துப் போலியைக் கண்டறிதல்: தோல் ஷூவின் முத்திரை, உள்ளச்சு, பசைக் கோடு (கேள்வி பதில்)

கேள்வி: சர்ச்ஸ் என்ற ஆங்கிலேயத் தோல் ஷூ நிறுவனத்தின் பழைய ஷூ ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. உள்ளே லண்டன், நியூயார்க், பாரிஸ் என மூன்று நகரங்களின் பெயர்தான் இருக்கிறது. புதிய ஷூவில் இன்னும் அதிகம். அப்படியானால் இது போலிதானே?

பதில்: நீங்கள் கவனித்தது சரி, வந்த முடிவு சரியில்லை. அந்நிறுவனத்தை 1999இல் இத்தாலிய ஃபேஷன் நிறுவனமான பிராடா வாங்கியது; மூன்று நகரப் பெயர்கள் அதற்கு முந்தைய ஷூக்களில் வழக்கமாகக் காணப்படுபவை. ஆகவே அந்த அச்சு ஷூவின் வயதைச் சொல்கிறது, அவ்வளவுதான். ஷூவின் மற்ற பாகங்களுக்கும் அதே வயது தெரிகிறதா என்று பாருங்கள். பழைய ஷூவைத் தொழிற்சாலைக்கே அனுப்பிப் புதுப்பிக்கும்போது உள்ளே குதிகால் பகுதியில் ஒட்டிய, அந்த அச்சு உள்ள தோல் துண்டையும் மாற்றிவிடுவது உண்டு என்பதால், பழைய ஷூவில் புதிய அச்சு இருந்தால் அதற்கு விளக்கம் இருக்கிறது. புத்தம் புதிதாகத் தெரியும் ஷூவில் பழைய அச்சு இருந்தால்தான் எனக்கு உறுத்தும். பக்கவாட்டு உட்தோலில் கையால் எழுதிய எண்ணையும் படமாகக் கேளுங்கள். அதில் 85 என்பது எட்டரை அளவு. வேறு வேறு அளவுகளில் விற்கும் ஒருவரின் எல்லா ஷூக்களிலும் அந்தக் கையெழுத்து ஒரே எண்ணாக, ஒரே சாய்வாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: தோல் சோலில் உள்ள முத்திரை அழுத்தியதா, வெறும் மை அச்சா என்று படத்தில் எப்படித் தெரியும்?

பதில்: ஃப்ளாஷ் போட்டு எடுத்த படத்தில் தெரியாது, ஏனெனில் நேரே விழும் வெளிச்சம் பள்ளத்தின் நிழலை அழித்துவிடும். விற்பவரிடம் இரண்டு படங்கள் கேளுங்கள்: கேமராவை அசைக்காமல், விளக்கை முதலில் இடப்பக்கமும் பிறகு வலப்பக்கமும் தாழ்வாக வைத்து எடுக்கச் சொல்லுங்கள். சூடான அச்சால் அழுத்திய எழுத்தாக இருந்தால் உள்விளிம்பின் நிழல் பக்கம் மாறும். மையாக இருந்தால் எதுவும் மாறாது. இரண்டு ஷூக்களிலும் முத்திரை துளியும் பிசகாமல் ஒரே இடத்தில், ஒரே ஆழத்தில் இருப்பதை நான் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்வதில்லை. தோலில் அழுத்தும் வேலையில் சிறு சாய்வு வரத்தான் செய்யும். ரப்பர் சோலுக்கு இது பொருந்தாது, அங்கே எழுத்து வார்ப்பிலேயே வருகிறது. முன்பாதத்தில் முத்திரை தேய்ந்து போயிருப்பதும் குற்றமில்லை; தரையில் படாத நடுப்பகுதியில் அடித்திருந்தால் அது நெடுநாள் நிற்கும்.

கேள்வி: என் ஷூவின் ஓரத்தில் பசை விட்டுவிட்டது. எந்தப் பசை போட்டு ஒட்டலாம்?

பதில்: இங்கே நாம் பேசுவது பழுது பார்ப்பதைப் பற்றியல்ல. ஆனாலும், ஒட்டுவதற்கு முன் அந்த இடைவெளியைப் படம் எடுத்து வையுங்கள். உள்ளே நூல் போகிறதா இல்லையா என்பது இப்போதுதான் தெரியும்.

கேள்வி: மேல்தோலும் சோலும் சேரும் இடத்தில் மஞ்சள் பசைக் கோடு தெரிந்தால் போலி என்றே வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. பசையால் மட்டுமே ஒட்டிய அசல் ஷூக்கள் ஏராளம். மேல்தோலின் ஓரத்தைச் சுற்றி வரும் வெல்ட் என்ற பட்டையை வைத்துச் சோலைத் தைத்தது என்று சொல்லி விற்றால்தான் அந்தக் கோடு கேள்விக்குரியதாகிறது. அண்மையில் ஒருவர் அனுப்பிய படத்தை அப்படித்தான் பார்த்தேன். மேலே வெல்ட்டில் அழகான தையல், சோலின் அடியிலும் திறந்த தையல். முன்முனையிலிருந்து பக்கவாட்டில் ஒரே தூரத்துக்கு எண்ணினேன்: மேலே பதினாறு, கீழே பதினொன்று. மேல்நூலும் கீழ்நூலும் ஒவ்வொரு துளையிலும் பின்னிக்கொள்ளும் தையலில் இந்த வேறுபாட்டுக்கு இடமேயில்லை. ஆக, இரண்டும் ஒரே தையல் அல்ல. மேலே இருந்தது வெறும் அலங்காரம். பிறகு பெரிதாக்கிப் பார்த்தபோது, வெல்ட் சோலுடன் சேரும் இடத்தில் பளபளப்பான பசை வழிந்து நூலின் மேலேயே படிந்திருந்தது. முத்திரை மட்டும் மிக நேர்த்தி!

கேள்வி: நான் பல ஆண்டுகளாக சோல் மாற்றும் வேலை செய்கிறேன். தையலை மூடி ஒட்டிய தோல் சோலில் கீழே எண்ணவே முடியாதே? நான் புதிய சோல் தைக்கும்போது தையல் இடைவெளியும் மாறும்.

பதில்: முதலாவதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். அத்தகைய சோலில் விளிம்புக்குச் சற்று உள்ளே, விளிம்பை ஒட்டியே சுற்றி வரும் மெல்லிய கோடு ஒன்றுதான் தெரியும். அதுவும் பசைக் கோடுதான், ஆனால் அசல் வேலையின் கோடு. நன்றாக மெருகிட்ட சோலில் அதுவும் மறைந்துவிடும். இரண்டாவது என் கணக்கைக் கெடுக்காது, ஏனெனில் நீங்கள் தைக்கும் புதிய நூல் மேலும் கீழும் சமமாகவே வரும். பழைய வெல்ட்டையே வைத்துத் தைத்தால் பழைய துளைகள் சில புதிய தையலுக்கு இடையே தெரியும், அதுவே சோல் மாற்றியதற்கு அடையாளம்.

கேள்வி: அப்படியானால் நான் வாங்கிய ஷூவில் முன்பாதத்துக்கு ரப்பர் ஒட்டியிருக்கிறதே, அதற்கு என்ன செய்வது?

பதில்: முன்பாதத்தில் முத்திரையும் கீழ்த்தையலும் அதற்கடியில் மறைந்துவிட்டதால், நடுப்பகுதியின் படமும் உட்தோல் எண்ணும் மட்டுமே மிஞ்சுகின்றன. அவை இரண்டும் பொருந்தினாலும், அந்தப் படங்களை வைத்து அசல் என்று நான் எழுதித் தர மாட்டேன்.