விலகினாரா, விலகுகிறாரா?

வணக்கம் சார்,

இதழியல் முடித்துவிட்டு ஒரு இணையச் செய்தித்தளத்தில் உதவி ஆசிரியராகச் சேர்ந்திருக்கிறேன். நேற்றே முடிந்துபோன விஷயத்துக்கும் 'செய்கிறார்', 'சொல்கிறார்' என்று தலைப்பு வைக்கச் சொல்கிறார்கள். இடத்தை மிச்சப்படுத்தவா, பரபரப்புக்கா? இலக்கணப்படி இது பிழைதானே? எந்த வினைமுற்றை எங்கே போடுவது என்று தமிழில் தெளிவான விதி இல்லாததுதான் பிரச்சினை என்று நினைக்கிறேன். குற்றம் சாட்டப்பட்டவருக்கு 'ஆன்' விகுதியா, 'ஆர்' விகுதியா என்றும் அலுவலகத்தில் தினமும் சண்டை. நான் வைத்த சில தலைப்புகளை இணைத்திருக்கிறேன்.

எம்., திருச்சி

அன்புள்ள எம்.,

இடம் மிச்சமாகிறது என்று யார் சொன்னது? விரல்விட்டு எண்ணிப் பார்த்தீர்களா? 'உயர்கிறது' ஆறு எழுத்து. 'உயர்ந்தது' ஆறு எழுத்து. 'வருகிறார்' ஐந்து, 'வந்தார்' நான்கு. இடம்தான் கவலையென்றால் தமிழ்ப் பத்திரிகைக்காரர் 'உயர்வு' என்று நான்கு எழுத்தில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். காலங்காலமாக நம்மவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். கைது, பலி, மறியல், அறிவிப்பு என்று பெயர்ச்சொல்லில் நிறுத்திவிட்டால் காலமும் வேண்டாம், விகுதியும் வேண்டாம். பரபரப்பு பற்றிய உங்கள் சந்தேகத்தை உங்கள் ஆசிரியரிடமே கேளுங்கள். எனக்கு அதில் ஆர்வமில்லை.

எனக்குக் கோபம் வந்தது அடுத்த வரியில். தமிழில் விதி இல்லையா? பவணந்தி 13-ஆம் நூற்றாண்டிலேயே நன்னூலில் எழுதிவைத்துவிட்டுப் போனார்: 'விரைவினும் மிகவினும் தெளிவினும் இயல்பினும் பிறழவும் பெறூஉமுக் காலமும் ஏற்புழி.' அவசரம், மிகுதி, உறுதி, வழக்கம் இவற்றில் ஒன்று காரணமாக இருந்தால், பொருந்தும் இடத்தில் காலம் மாறி வரலாம். அம்மா சாப்பிடக் கூப்பிட்டதும் பாயிலிருந்து எழாமலேயே 'இதோ வந்துட்டேன்' என்கிறோமே, அது விரைவு. 'சின்ன வயசுல இந்தத் திண்ணையிலதான் விளையாடுவோம்' என்கிறோமே, அது இயல்பு. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் கால வழுவமைதிக்கு என்ன உதாரணம் படித்தீர்கள்? 'குடியரசுத் தலைவர் நாளை தமிழகம் வருகிறார்.' அது ஒரு செய்தித் தலைப்பேதான். மதிப்பெண் வாங்கியதும் மறந்துவிட்டு விதி இல்லை என்று வருத்தப்படுகிறீர்கள்.

ஆக, நடந்து முடிந்ததை நிகழ்காலத்தில் சொல்வது தன்னளவில் பிழை இல்லை. நம் பாட்டிகள் கதை சொன்னதே அப்படித்தான்: 'ஒரு ஊர்ல ஒரு ராஜா. அவன் காட்டுக்குப் போறான். அங்க ஒரு கிழவி நிக்கிறா.' கேட்கிற பிள்ளைக்குக் குழப்பமே வராது. 'ஒரு ஊர்ல' என்ற தொடக்கமே எல்லாம் பழைய சங்கதி என்று சொல்லிவிடுகிறது. பத்திரிகையில் படத்துக்குக் கீழே 'கொடியசைத்துத் தொடங்கி வைக்கிறார் அமைச்சர்' என்று எழுதுவதும் சரி. படத்தில் அவர் கை இன்னும் கொடியோடு மேலேதான் இருக்கிறது. தலைப்புக்கு இந்த இரண்டு வசதியும் கிடையாது. 'ஒரு ஊர்ல' இல்லை, எல்லாத் தலைப்புக்கும் படமும் இல்லை. தாளில் வந்த காலத்தில் தேதியாவது மேலே இருந்தது. இப்போது ஒருவர் தலைப்பை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறார். அது என்றைக்குச் செய்தி என்று சொல்ல அந்த வினைச்சொல்லை விட்டால் ஆள் இல்லை.

நான் பல வருடமாகப் பேசிக்கொண்டிருக்கும் விஷயத்துக்கு இங்கேதான் வருகிறேன். ஆங்கிலத் தலைப்பில் நிகழ்கால வினை வந்தால், நேற்று நடந்தது என்றே வாசகர் படிப்பார். வரப்போவதைச் சொல்ல அவர்களுக்கு வேறு உருவம் இருக்கிறது. தமிழில் '-கிறார்' என்ற உருவம் வரப்போவதையும் சொல்லும். அதனால் ஏஜென்சி செய்தியைப் பார்த்து அப்படியே பெயர்த்தால் காலம் புரண்டுவிடும்.

2017 பிப்ரவரி 5, ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள். அன்று அ.தி.மு.க. எம்.எல்.ஏ.க்கள் கூடி சசிகலாவைச் சட்டமன்றக் கட்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். முதலமைச்சராக இருந்த ஓ.பன்னீர்செல்வம் ராஜினாமா கடிதம் கொடுத்தார். அந்த இரவு நீங்கள் டெஸ்க்கில் இருந்திருந்தால்? 'பதவி விலகினார் பன்னீர்செல்வம். முதல்வராகிறார் சசிகலா' என்று வைத்தால் முன்பாதி முடிந்தது, பின்பாதி வரப்போவது. '-இனார்', '-கிறார்' என்ற வேறுபாடு ஒன்றே வாசகருக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. அதையே 'பதவி விலகுகிறார் பன்னீர்செல்வம். முதல்வராகிறார் சசிகலா' என்று எழுதிப் பாருங்கள். அவர் கடிதம் கொடுத்துவிட்டாரா, கொடுக்கப்போகிறாரா? திங்கட்கிழமை காலை டீக்கடையில் அதைப் படிக்கிறவர் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னும் கறாராகப் பார்த்தால் 'விலகினார்' என்பதுகூட ஞாயிறு இரவுக்குக் கொஞ்சம் அவசரம்தான். கவர்னர் அதை ஏற்றுக்கொண்டது மறுநாள், 6-ஆம் தேதி. மாற்று ஏற்பாடு ஆகும்வரை பதவியில் நீடிக்கவும் சொன்னார். ஆகவே ஞாயிறன்று 'ராஜினாமா கடிதம் கொடுத்தார்', திங்களன்று 'ராஜினாமா ஏற்பு'. இது வெறும் நுணுக்கம் என்று தோன்றினால் 7-ஆம் தேதி இரவுக்கு வாருங்கள். மெரினாவில் ஜெயலலிதா சமாதி முன்னால் உட்கார்ந்து எழுந்த பன்னீர்செல்வம், தன்னைக் கட்டாயப்படுத்தி ராஜினாமா வாங்கினார்கள் என்றும், மக்கள் விரும்பினால் அதைத் திரும்பப் பெறுவேன் என்றும் சொன்னார். கொடுத்தது, ஏற்றது, திரும்பப் பெறுவேன் என்றது மூன்றும் தனித்தனிச் செயல்கள். மூன்றுக்கும் தனித்தனி வினை வேண்டும்.

அந்த 'முதல்வராகிறார்' என்ன ஆனது? 14-ஆம் தேதி சொத்துக்குவிப்பு வழக்கில் சசிகலாவுக்கு விசாரணை நீதிமன்றம் விதித்த தண்டனையை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 16-ஆம் தேதி பதவியேற்றவர் எடப்பாடி பழனிசாமி. பவணந்தி 'தெளிவு' என்றாரே, அந்த உறுதியை '-கிறார்' போடும்போது நாம்தான் கையொப்பம் போட்டுக் கொடுக்கிறோம். 'முதல்வராவார்' என்றால் அது கணிப்பு. 'முதல்வராகத் தேர்வு' என்பதும் தவறு, அன்று நடந்தது சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்வு மட்டுமே. நடந்ததை மட்டும் சொல்ல ஒரு உருவம் இருக்கும்போது, நடக்கப்போவதை உறுதிசெய்யும் உருவத்தை ஏன் எடுக்கிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

நான் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியனாகச் சேர்ந்த புதிதில் எங்களுக்கு ஒரு தலைமை உதவி ஆசிரியர் இருந்தார். வெற்றிலைக்காரர். யாருடைய பிரதியையும் பாராட்டமாட்டார். கடைகளில் தொங்கவிடும் போஸ்டருக்கு ஒரு வரி எழுதிக்கொண்டு போனால் அதைத் தான் படிக்க மாட்டார். டீ கொண்டுவரும் பையனைக் கூப்பிட்டு உரக்கப் படித்துக் காட்டி, 'இது எப்படா நடந்துச்சு?' என்று கேட்பார். பையன் 'நடக்கப்போவுதுண்ணே' என்று சொல்லி, செய்தி நேற்றையதாக இருந்துவிட்டால், தாளைச் சுருட்டி எறிவார், அது எழுதியவரின் காலடியிலேயே விழும். ஒருமுறை ஒரு நண்பர் 'ஆங்கிலப் பத்திரிகையில் அப்படித்தான் சார் இருக்கு' என்று வாதாடினார். 'அப்ப அந்தப் பத்திரிகைக்கே போயிடு' என்று பதில் வந்தது. கொடூரமான மனிதர். ஆனால் உங்களுக்கு அதைவிட நல்ல சோதனை எதுவும் என்னிடம் இல்லை. செய்தி தெரியாத ஒருவரிடம் தலைப்பை மட்டும் படித்துக் காட்டி எப்போது நடந்தது என்று கேளுங்கள்.

உங்கள் ஆசிரியர் எல்லா இடத்திலும் தவறு என்றும் சொல்லமாட்டேன். 'விலகமாட்டேன் என்கிறார் அமைச்சர்' என்பது அருமையான தலைப்பு. அவர் சொன்னது நேற்று மதியம், ஆனால் சொல் இன்னும் நிற்கிறது. வள்ளுவர் சொல்கிறார் என்றுதானே இன்றும் சொல்கிறோம்! சொல்வது, கேட்பது, மறுப்பது, எச்சரிப்பது போன்றவை வாயிலிருந்து வந்த பிறகும் நீடிக்கும். அவற்றுக்கு நிகழ்காலம் பொருந்தும். விலை ஏறுவதும் அணை நிரம்புவதும் இன்னும் தொடர்ந்தால் அப்படியே. ஒரே கணத்தில் முடிந்துபோகும் வினைகள் இதை ஏற்காது. பாலம் இடிந்தது, பேருந்து கவிழ்ந்தது, இந்தியா வென்றது. மூத்த நடிகர் இறந்துபோனால் 'காலமாகிறார்' என்று எழுத எந்தத் துணிச்சல்காரருக்காவது கை வருமா? அந்தக் கை எங்கே தயங்குகிறதோ அங்கே இறந்தகாலம் போடுங்கள்.

'-உள்ளார்' பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் உங்கள் இணைப்பைப் பார்த்தபின் சும்மா இருக்க முடியவில்லை. 'உள்ளார்' என்பதில் காலங்காட்டும் இடைநிலையே கிடையாது. செயல் முடிந்து அதன் விளைவு நிற்கும்போது அது நல்ல சொல். 'தடை விதித்துள்ளது' என்றால் தடை இன்னும் இருக்கிறது. ஆனால் நீங்கள் 'கூறியுள்ளார்', 'தெரிவித்துள்ளார்', 'உயிரிழந்துள்ளார்' என்று எல்லாத் தலையிலும் ஒரே தொப்பியைக் கவிழ்த்திருக்கிறீர்கள். 'உயிரிழந்தார்' போதும்.

ஆன், ஆர் சண்டை சுலபமானது. காலம் சொல்வது நடுவில் நிற்கும் இடைநிலை. கடைசியில் வரும் விகுதி ஆணா பெண்ணா, ஒருவரா பலரா, எவ்வளவு மரியாதை என்பதைச் சொல்கிறது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு 'ஆன்' போட்டால் நீதிபதிக்கு முன்பே நீங்கள் தீர்ப்பு எழுதிவிடுகிறீர்கள். தண்டனை வந்த பிறகும் வசை பாட நமக்குச் சம்பளம் தரவில்லை. எல்லோருக்கும் 'ஆர்' போடுங்கள், பெண்களுக்கும். சிறுவர்களுக்கு 'ஆன்' போட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். குழந்தைக்கு 'அது' போதும்.

அஃறிணையை மட்டும் கவனியுங்கள். இணைப்பில் மூன்றாவதாக 'மின்னல் தாக்கி 4 மாடுகள் இறந்தது' என்றிருக்கிறது. அது இன்னும் தளத்தில் இருந்தால் 'இறந்தன' என்று மாற்றிவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.